படிக்கட்டு விளக்கு எரிந்தால் போதுமா? ஒரு செய்முறைத் தேர்வும் மூன்று மதிப்பெண் முறைகளும்

மின்பணியாளர் பயிற்சியில் அநேகமாக எல்லாரும் கடந்து வரும் செய்முறைத் தேர்வு ஒன்று உண்டு. இரண்டு இருவழிச் சுவிட்சுகளைப் பொருத்தி, கீழிருந்தும் மேலிருந்தும் ஒரே விளக்கை இயக்கும்படி படிக்கட்டு விளக்குக்கான வயரிங்கைத் தேர்வர் செய்து காட்ட வேண்டும். வேலை சிறியது, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு மதிப்பெண் இடுவது எப்படி என்று கேட்டால், ஒரே பயிற்சிக்கூடத்தின் இரண்டு ஆசிரியர்கள்கூட ஒரே பதிலைச் சொல்வதில்லை. ஒட்டுமொத்தமாகப் பார்த்து ஒரு மதிப்பெண் இடுவது, சரிபார்ப்புப் பட்டியலில் ஒவ்வொரு படியையும் குறிப்பது, கூறு கூறாகப் பிரித்துத் தர நிலைகளை விவரிக்கும் ரூப்ரிக் அட்டவணையைப் பயன்படுத்துவது ஆகிய மூன்று முறைகளையும் இந்த ஒரே வேலையில் வைத்துப் பார்த்தால், எது எங்கே கைகொடுக்கிறது, எது எங்கே கைவிடுகிறது என்பது தெளிவாகும்.

முதலில், முடிந்த வேலையை மட்டும் பார்த்து மதிப்பெண் இடலாம் என்ற எண்ணத்தை ஒதுக்க வேண்டியிருக்கிறது. தேர்வர் சுவிட்சுகளை ஃபேஸ் கம்பியில் வைக்காமல் தவறுதலாக நியூட்ரல் கம்பியில் வைத்துவிட்டார் என்று கொள்வோம். விளக்கு அப்போதும் ஒழுங்காகவே வேலை செய்யும். இரு சுவிட்சுகளின் நான்கு நிலைகளில் இரண்டில் எரியும், இரண்டில் அணையும். ஆனால் அணைந்திருக்கும் நேரத்திலும் விளக்கு ஹோல்டரில் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும், பல்பு மாற்ற வருபவர் அதைத் தொடுவார். இந்தப் பிழையை மின்சாரத்தைத் துண்டித்த நிலையிலேயே கண்டுபிடிக்கலாம். பல்பைக் கழற்றிவிட்டு, பலகைப் பக்கத்து ஃபேஸ் முனைக்கும் ஹோல்டரின் ஃபேஸ் முனைக்கும் இடையே தொடர்ச்சியைச் சோதித்தபடி ஏதேனும் ஒரு சுவிட்சை மாற்றி மாற்றிப் போட வேண்டும். தொடர்ச்சி வந்து வந்து போனால் சரி. சுவிட்சை எப்படிப் போட்டாலும் தொடர்ச்சி அறுபடாமல் இருந்தால், சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது.

இந்தப் பிழையாவது முடிந்த வேலையில் தடயம் விட்டுச் செல்கிறது. தடயமே விடாத படிகளும் இருக்கின்றன. வேலையைத் தொடங்குமுன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுவது, டெஸ்டரை மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது, பிறகு தான் வேலை செய்யப்போகும் சுற்றில் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்வது, மறுபடியும் டெஸ்டரைத் தெரிந்த இடத்தில் சோதிப்பது ஆகியவற்றை ஒருவர் செய்தாரா, செய்யாமல் விட்டாரா என்பதை முடிந்த பலகையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கடைசிப் படி பலருக்கு வேண்டாத வேலையாகத் தோன்றும். ஆனால் சோதனையின் நடுவே டெஸ்டரின் பேட்டரியோ முனைக்கம்பியோ செத்துப் போயிருந்தால், ‘மின்சாரம் இல்லை’ என்று அது காட்டியது பொய்யாகிவிடும். தொழிலின் உயிரான இந்தப் படிகளைக் காண ஒரே வழி, நடக்கும்போதே பக்கத்தில் நின்று பார்ப்பதுதான்.

ஒட்டுமொத்த மதிப்பெண் முறையில், அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் முழு வேலையையும் பார்த்துவிட்டு ஐந்துக்கு இத்தனை என்று ஒரே எண்ணைத் தருகிறார். இது வேகமானது. பட்டியலில் அடங்காத ஒன்றையும், அதாவது ஒருவர் கருவியைப் பிடிக்கும் விதத்திலும் அடுத்த படியை முன்கூட்டியே யோசித்துப் பொருள்களை அடுக்கும் விதத்திலும் தெரியும் தேர்ச்சியையும், இது பிடித்துவிடுகிறது. தேர்ந்த கைக்காரர் இரண்டு படிகளை ஒன்றாகச் சேர்த்துச் செய்யும்போது பட்டியல் அவரைத் தண்டிக்கும், ஒட்டுமொத்தப் பார்வை தண்டிக்காது. குறை எங்கே என்றால், ஒரு சிறப்பு மற்ற எல்லாவற்றின் மீதும் ஒளி பாய்ச்சிவிடுகிறது. ஒருவரைப் பற்றிய பொது எண்ணம் அவருடைய தனித்தனிக் குணங்களுக்கு இடப்படும் மதிப்பெண்களிலும் கசிந்துவிடுவதை உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-இலேயே சுட்டிக்காட்டினார். வயரிங்கில் கம்பிகள் நேர்கோடாகப் படிந்திருந்தால், அந்தத் தேர்வர் மின்சாரத்தைச் சோதித்தாரா என்ற கேள்வியே மனதில் எழாமல் போகிறது. தோற்ற மாணவர் ‘எங்கே தவறினேன்’ என்று கேட்டால், ஐந்துக்கு இரண்டு என்ற எண்ணைத் தவிர அவருக்குச் சொல்லப் பதிலும் இருக்காது.

சரிபார்ப்புப் பட்டியல் இதற்கு நேர் எதிர். இருபது படிகள், ஒவ்வொன்றுக்கும் செய்தார் அல்லது செய்யவில்லை என்ற ஒரு குறி, அவ்வளவுதான். தடயம் விடாத படிகளுக்கு இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. ஆனால் பார்க்காததைக் குறிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால்தான் அது நிற்கும். நான் மதிப்பீட்டாளராக உட்கார்ந்த முதல் ஆண்டில், ஒரே நேரத்தில் நான்கு பேரைப் பார்க்கும்படி விட்டார்கள். ஒரு தேர்வர் எனக்கு முதுகைக் காட்டி நின்று வேலை செய்தார். அவர் கையில் டெஸ்டர் இருந்ததைப் பார்த்தேன், அதை எங்கே வைத்தார் என்பதைப் பார்க்கவில்லை. இருந்தும் ‘செய்தார்’ என்று குறித்துவிட்டேன். அன்று மாலை தாள்களை அடுக்கும்போதுதான், அந்தக் குறி என் கண் பார்த்தது அல்ல, என் நல்லெண்ணம் போட்டது என்பது உறைத்தது. அதன் பிறகு ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறை அளவு எடுத்ததும் அதை என்னிடம் காட்டிச் சொல்ல வேண்டும் என்று எல்லாத் தேர்வருக்கும் தொடக்கத்திலேயே பொதுவாக அறிவித்துவிடுகிறேன். பொதுவாக அறிவிப்பது முக்கியம். ‘மின்சாரம் இல்லை என்று பார்த்தீர்களா?’ என்று நடுவில் கேட்டுவிட்டால், அந்தப் படியை நாமே சொல்லிக்கொடுத்தது போலாகும், அதற்குப் பிறகு போடும் குறிக்கு மதிப்பில்லை.

பட்டியலின் மற்றொரு குறை, அதற்கு அளவு தெரியாது என்பது. பெட்டியைச் சற்றுச் சாய்வாகப் பொருத்தியதும் மின்சாரத்தைச் சோதிக்காமல் கை வைத்ததும் அதற்கு ஒரே ஒரு மதிப்பெண் இழப்புதான்.

ரூப்ரிக் அட்டவணை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பாதுகாப்பு, சுற்றின் சரித்தன்மை, கைவேலை, சோதனையும் பதிவும் என்று கூறுகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை நிலைகளை விவரித்து, முக்கியத்துவத்துக்கு ஏற்ப எடையும் கொடுக்கலாம். வேர்ல்ட்ஸ்கில்ஸ் எனப்படும் உலகத் தொழில்திறன் போட்டிகளிலும் எண்ணி அளக்க முடியாத தரத்துக்கு இதே 0 முதல் 3 வரையிலான அளவையே பயன்படுத்துகிறார்கள். மூன்று வல்லுநர்கள் தனித்தனியே மதிப்பெண் இடுகிறார்கள், ஒன்றுக்கு மேல் வேறுபாடு வந்தால் பேசித் தீர்க்கிறார்கள். ஆனால் அட்டவணையின் பலம் அதன் சொற்களில் இருக்கிறது. ‘சுமார், நன்று, மிக நன்று’ என்று எழுதினால் அது ஒட்டுமொத்த மதிப்பெண்ணை நான்கு துண்டாக வெட்டியதுதான். ‘எல்லா முனைகளிலும் செம்பு வெளியே தெரியவில்லை, இழுத்துப் பார்த்தால் கம்பி அசையவில்லை’ என்று எழுதினால், அதை இருவர் பார்த்தாலும் ஒரே முடிவுக்கு வர வாய்ப்பு உண்டு. காப்புத் தடைச் சோதனையையும் இவ்வாறே எழுதலாம். 500 வோல்ட் நேர்த்திசை மின்னழுத்தத்தில் 1 மெகாஓம்முக்குக் குறையாத அளவு என்பது சர்வதேச வயரிங் தரம் கேட்பது, அதை அலகுடன் பதிவுசெய்தாரா என்று பார்த்தால் போதும்.

இப்போது இரண்டு தேர்வர்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவரின் வேலை வேகமானது, அழகானது, சுற்றும் சரி. ஆனால் டெஸ்டரை முன்னால் சோதிக்கவில்லை, மின்சாரம் இல்லை என்று பார்க்கவில்லை, பின்னால் சோதிக்கவும் இல்லை. இரண்டாமவர் பாதுகாப்புப் படிகள் அனைத்தையும் செய்தார், சுற்றும் சரி. ஆனால் கிளிப்புகளின் இடைவெளி சீராக இல்லை, பெட்டி சாய்ந்திருக்கிறது, கேபிளின் வெளியுறை பெட்டிக்குள் நுழையாமல் முன்பே நிற்கிறது, நேரம் தாண்டிவிட்டது, அளவை அலகில்லாமல் எழுதியிருக்கிறார்.

பட்டியலின்படி முதலாமவர் மூன்றை இழந்து 17, இரண்டாமவர் ஐந்தை இழந்து 15. ஒட்டுமொத்த மதிப்பெண்ணில் முதலாமவருக்கு நான்கும் இரண்டாமவருக்கு மூன்றும் விழ வாய்ப்பு அதிகம். ரூப்ரிக்கில் பாதுகாப்புக்கு 30, சுற்றுக்கு 30, கைவேலைக்கு 25, சோதனைக்கு 15 என்று எடை வைத்தால், முதலாமவர் பாதுகாப்பில் 0 நிலையும் மற்றவற்றில் 3 நிலையும் பெற்று 70 எடுக்கிறார். இரண்டாமவர் பாதுகாப்பிலும் சுற்றிலும் 3, கைவேலையில் 1, சோதனையில் 2 என்று பெற்று சுமார் 78 எடுக்கிறார். வரிசை இப்போதுதான் சரியாகிறது. இருந்தாலும் தேர்ச்சிக்கு 60 போதும் என்றால், மின்சாரம் இருக்கிறதா என்று பாராமல் கம்பியைத் தொடுபவர் இன்னமும் தேர்ச்சி பெற்றவர்தான். எடையைச் சற்றுக் கூட்டினாலும் இது தீராது, ஏனென்றால் கூட்டல் முறையில் ஒரு கூறின் குறையை இன்னொரு கூறின் அழகு ஈடுகட்டிவிடுகிறது. ஆதலால் சில படிகளைக் கூட்டலுக்கு வெளியே எடுத்துத் தடைவாயிலாக வைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதைக் கடக்காதவருக்கு மொத்தம் எத்தனை என்று கூட்டிப் பார்க்கவே கூடாது. இந்தத் தேர்வில் அவை இரண்டுதான்: மின்சாரம் இல்லை என்பதை முறையாக உறுதிசெய்தல், சுவிட்சுகள் ஃபேஸ் கம்பியில் இருத்தல். வாயில்களைப் பெருக்கினால் எல்லாரும் ஏதோ ஒன்றில் தோற்பார்கள், மதிப்பீட்டாளரும் இரக்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொள்ளத் தொடங்குவார்.

ஆக, என் தாளில் மூன்று முறைகளுக்கும் இடம் உண்டு. தடயம் விடாத படிகளுக்கு நேரில் பார்த்துக் குறிக்கும் சிறு பட்டியல், முடிந்த வேலையின் தரத்துக்கு ரூப்ரிக், கடைசியில் தனியாக ஓர் ஒட்டுமொத்த மதிப்பெண். அந்தக் கடைசி எண்ணை மொத்தத்தில் சேர்ப்பதில்லை. அது மற்ற இரண்டோடும் வெகுவாக முரண்பட்டால், தாளை இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளமாக மட்டும் வைத்திருக்கிறேன்.

இருவர் தனித்தனியே மதிப்பெண் இட்டு ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. 20 தேர்வர்களில் 14 பேருக்கு இருவரும் தேர்ச்சியும் 2 பேருக்கு இருவரும் தோல்வியும் தந்து, மீதி 4 பேரில் ஆளுக்கு வெவ்வேறு இருவருக்குத் தேர்ச்சி தந்தார்கள் என்றால், உடன்பாடு 80 விழுக்காடு. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இருவருமே 20-இல் 16 பேருக்குத் தேர்ச்சி தருபவர்கள், ஆகவே தாளைப் பாராமல் அதே விகிதத்தில் குருட்டாம்போக்கில் குறித்திருந்தாலும் 68 விழுக்காடு ஒத்துப்போயிருக்கும். உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த காப்பா அளவு இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்க்கிறது: 0.80-இலிருந்து 0.68-ஐக் கழித்து, 0.32-ஆல் வகுத்தால் 0.375. தேர்ச்சியும் தோல்வியும் தீர்மானிக்கும் தேர்வுக்கு இது போதாது. இப்படி வரும்போது நான் முதலில் மாறுபட்ட அந்த நான்கு தாள்களை எடுத்து, எந்தக் கூறில் பிரிந்தோம் என்று இருவருமாகப் பார்க்கிறேன். பிரிவது பெரும்பாலும் கைவேலைக் கூறில்தான். அங்கே விவரணையில் ‘சீராக’ என்ற சொல் இருக்கும், அதை அடித்துவிட்டு, இரண்டு கிளிப்புகளுக்கு இடையே எத்தனை சென்டிமீட்டர் வேறுபாடு வரை ஏற்கலாம் என்று எழுதிக்கொள்கிறோம்.