மீதி 1 ஏன் மேலே போகிறது? குச்சியா, காசா?

38 + 47. ஒன்றின் இடத்தில் 8-ம் 7-ம் சேர்ந்தால் 15. 5 எழுதி, மீதி 1-ஐப் பத்தின் தலையில் வைக்கிறோம். அந்த 1 என்னவென்று பிள்ளைக்கு எதை வைத்துக் காட்டலாம்?

செலவு: விளக்குமாற்று ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும் போதும். காசு வீட்டிலேயே இருக்கும்.

புரிவது: 15 குச்சியில் பத்தை எண்ணி ரப்பர் போட்டால் ஒரு கட்டு, அதுதான் மீதி 1. அவிழ்த்தால் அதே பத்துக் குச்சி. 3 கட்டு, 4 கட்டு, இந்த 1 கட்டு, ஆக 8 கட்டு, 5 உதிரி: 85. காசிலோ பத்து நாணயத்தைக் கொடுத்து நோட்டாக மாற்ற வேண்டும். நோட்டுக்குள் பத்து இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

தவறு: 715 என்று எழுதினால், 15-ஐ ஒன்றின் இடத்திலேயே அடைத்திருக்கிறது. ஓர் இடத்தில் 9-க்கு மேல் நிற்காது. உதிரியைக் கட்டச் சொல்லுங்கள், பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

முதன்முறை கற்பவர்களுக்குக் குச்சிதான். மூன்று இலக்கம் வந்ததும் காசுக்கு மாறுங்கள். நூற்றுக்கணக்கில் குச்சி கட்டுவதற்குள் பிள்ளைக்குச் சலித்துவிடும்.