ரான்சம்வேரில் சிக்கிய ஃபைல் சர்வரை மீட்ட கதை: ரெஸ்டிக்கோடு சில வருட அனுபவம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். டெபியனில் ஓடும் சாம்பா ஃபைல் சர்வர் ஒன்று, அதில் சுமார் 4 டிபி ஃபைல்கள். பேக்கப்புக்கு ரெஸ்டிக் என்ற மென்பொருள். பேக்கப் போய்ச் சேரும் மெஷின் தனி. அதில் ரெஸ்டிக்கின் பேக்கப்பை வாங்கிச் சேமிக்கும் rest-server, `--append-only` முறையில் ஓடுகிறது. அதாவது ஃபைல் சர்வரிலிருந்து புதிய பேக்கப்பைச் சேர்க்கலாம், பழையதை அழிக்க முடியாது. இந்த அமைப்பைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். ஒரு சனிக்கிழமை காலை இது உண்மையிலேயே தேவைப்பட்டது. ரெஸ்டிக் எங்கே கைகொடுத்தது, எது அதன் வேலையே இல்லை என்பதை இந்த வேலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அன்று காலை ஷேரில் இருந்த ஃபைல்கள் எல்லாம் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டு, பெயர் மாறிக் கிடந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்கும் குறிப்பு ஒன்று. முதலில் சுவிட்சிலிருந்து எல்லாக் கேபிளையும் உருவினோம். சர்வரை ஆஃப் செய்யவில்லை. `ls -l` போட்டுப் பார்த்தால், குறிப்பு ஃபைல்கள் அத்தனைக்கும் உரிமையாளர் ஒரே யூசர். மெர்ச்சண்டைசிங் பிரிவில் ஒருவருடைய கணக்கு. ஏற்கனவே இருந்த ஃபைலை மாற்றி எழுதினால் பழைய உரிமையாளர் பெயரே நிற்கும், ஆனால் புதிதாக உருவாகும் குறிப்பில் அதை உருவாக்கிய கணக்கின் பெயர் விழும். இதிலிருந்து, சர்வருக்குள் எதுவும் ஓடவில்லை, அந்த ஒருவரின் விண்டோஸ் பிசியிலிருந்து ஷேர் வழியாகத்தான் எல்லாம் நடந்திருக்கிறது என்று யூகித்தோம். லாகும் அதையே சொன்னது.

சர்வரின் டிஸ்க்குகளை அழிக்காமல் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புது டிஸ்க்குகள் போட்டோம். இந்தச் செலவைத் தவிர்க்கக் கூடாது. என்ன நடந்தது என்பதற்கான தடயம் அதில்தான் இருக்கிறது. சில ரான்சம்வேர் வகைகளுக்குப் பின்னாளில் No More Ransom தளத்தில் இலவசத் திறப்பு மென்பொருள் வருவதும் உண்டு. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான CERT-In-இன் 2022 உத்தரவுப்படி இது போன்ற சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த மெயிலையும் அப்போதே அனுப்பிவிட்டோம்.

அப்புறம் வந்தது முக்கியமான கேள்வி: எந்தத் தேதி பேக்கப் சுத்தமானது? சர்வர் முழுவதும் தினமும் இரவு 1 மணிக்கு பேக்கப் ஆகும். அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங் ஃபோல்டர்கள் மட்டும் மதியம் ஒரு முறை கூடுதலாக. அந்த நேரத்தில் அக்கவுண்ட்ஸ்காரர்கள் டேலியை மூடிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். டேலி திறந்திருக்கும்போது எடுத்த காப்பியை முழுதாக நம்ப முடியாது. ஒவ்வொரு முறை எடுக்கும் பேக்கப்பையும் ரெஸ்டிக் ஒரு ஸ்னாப்ஷாட்டாக வைத்திருக்கும். முதலில் எல்லா ஸ்னாப்ஷாட்டிலும் அந்தக் குறிப்பு ஃபைலைத் தேடினேன். பிறகு அடுத்தடுத்த இரண்டு இரவுகளை ஒப்பிட்டேன்:

```
restic find 'README_RESTORE*.txt'
restic diff 7be01c4d a93f52e8
```

சனிக்கிழமை அதிகாலை 1 மணி ஸ்னாப்ஷாட்டுக்கும் அதற்கு முந்தைய இரவுக்கும் இடையே பல்லாயிரம் ஃபைல் நீங்கியிருந்தன, கிட்டத்தட்ட அதே அளவு புதிதாக வந்திருந்தன. பெயர் மாற்றி எழுதினால் அப்படித்தான் தெரியும். பூட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அந்த பேக்கப் ஓடியிருக்கிறது. பாதி நல்லது, பாதி கெட்டது. வெள்ளிக்கிழமை அதிகாலை 1 மணி ஸ்னாப்ஷாட்டில் குறிப்பு எங்கும் இல்லை. சரி, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். குறிப்பு இல்லை என்பதால் ஃபைல்கள் நல்லவை என்று ஆகிவிடாது. `restic check --read-data` பிழையின்றி முடிந்தாலும் அது சொல்வது, எழுதியது அப்படியே இருக்கிறது என்பதை மட்டும்தான். பூட்டப்பட்ட ஃபைலையும் ரெஸ்டிக் ஒரு பிட் கூடப் பிசகாமல் பாதுகாக்கும். அதனால் உள்ளே திறந்து பார்க்கும் சோதனை தனியாக வேண்டும். ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேராத ஒரு மெஷினில் வெள்ளிக்கிழமை ஸ்னாப்ஷாட்டைப் பிரித்து, ஃபைல்களின் முதல் சில பைட்டுகளைப் பார்த்தேன். பிடிஎஃப் என்றால் `%PDF` என்று தொடங்கும், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றால் `PK`. லாக்பிட் 2.0 போன்ற ரான்சம்வேர்கள் வேகத்துக்காக ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 4 கேபியை மட்டும் பூட்டும். அதனால் ஃபைலின் அளவைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, தலைப்பகுதியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

```
find /restore -type f -iname '*.xlsx' -print0 |
while IFS= read -r -d '' f; do
  [ "$(head -c 2 "$f" | tr -d '\0')" = "PK" ] || echo "$f"
done
```

வந்த பட்டியலைப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம். `~$` என்று தொடங்கும் குட்டி ஃபைல்கள், யாரோ எக்ஸெலைத் திறந்து வைத்திருந்தபோது உருவானவை. பாஸ்வேர்டு போட்ட சம்பளப் பட்டியல்களும் வந்தன. பாஸ்வேர்டு போட்ட எக்ஸ்எல்எஸ்எக்ஸ் `PK`-யில் தொடங்காது, பழைய எக்ஸ்எல்எஸ் போல D0 CF 11 E0 என்று தொடங்கும். இவற்றைக் கழித்த பிறகும் ஒரு கூட்டம் மிச்சம் நின்றது. எல்லாம் பழைய சீசன் சாம்பிள் ஃபோல்டர் ஒன்றில் இருந்த காஸ்டிங் ஷீட்டுகள். பெயர் மாறவில்லை, குறிப்பும் இல்லை, உள்ளே மட்டும் குப்பை. யாரும் திறக்காத ஃபோல்டர் என்பதால் தாக்கியவர்கள் அங்கே முன்கூட்டியே முயன்று பார்த்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு நாளாகப் பின்னே போனதில், திங்கட்கிழமை இரவு ஸ்னாப்ஷாட்டில் அவை நன்றாக இருந்தன.

ஆக, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சுத்தமான தேதி கிடையாது. அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங் ஃபோல்டர்களுக்கு வெள்ளி மதியம், மற்றவற்றுக்கு வெள்ளி அதிகாலை 1 மணி, அந்தப் பழைய சாம்பிள் ஃபோல்டருக்குத் திங்கள். சர்வர் முழுவதையும் ஒரே தேதிக்குத் திருப்பியிருந்தால், ஒன்று வெள்ளிக்கிழமை காலை வேலை போயிருக்கும், இல்லையென்றால் கெட்டுப்போன ஷீட்டுகள் நல்லவை என்ற பெயரில் திரும்ப வந்திருக்கும். இன்னொன்று: `.exe`, `.lnk`, `.js`, மேக்ரோ உள்ள `.xlsm` எதையும் பேக்கப்பிலிருந்து நேராகக் கொண்டுவரவில்லை. ஒரு பொது ஃபோல்டரில், பூட்டப்படுவதற்குப் பல நாள் முன்பே வந்து உட்கார்ந்த `.lnk` ஒன்று இருந்தது. அது வெள்ளிக்கிழமை பேக்கப்பிலும் பத்திரமாக இருந்தது. மென்பொருள்களைப் புதிதாக நிறுவினோம். தேவையான `.xlsm` ஃபைல்களை மட்டும் தனியாகத் திறந்து பார்த்த பிறகு சேர்த்தோம்.

எதை முதலில் மீட்பது என்பதில் எங்களுக்கும் ஆபீஸுக்கும் சின்ன இழுபறி. முதலாளி எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொண்டுவரச் சொன்னார். 1 ஜிபிபிஎஸ் கேபிளில் நொடிக்கு 110 எம்பி என்ற உச்ச வேகத்திலேயே 4 டிபிக்கு 10 மணி நேரம் ஆகும். சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் அந்த வேகமும் வராது. அதனால் ஒவ்வொரு பிரிவிலும் ஒரே கேள்வி கேட்டேன்: திங்கட்கிழமை மதியத்துக்குள் எது இல்லாவிட்டால் வேலை நிற்கும்?

பதில்கள் நான் எதிர்பார்த்தபடி இல்லை. கட்டிங் மாஸ்டர்தான் முதலில் வந்து நிற்பார் என்று நினைத்தேன். அவரோ இரண்டு நாளுக்கு வேண்டிய மார்க்கர் பேப்பரை, அதாவது துணி வெட்டும் வரைபடத்தை, ஏற்கனவே பிளாட்டரில் அச்செடுத்து வைத்திருப்பதாகச் சொல்லி விட்டுக்கொடுத்தார். ஷிப்பிங் பார்க்கும் அக்கா, "எனக்கு எல்லாம் வேண்டாங்க தம்பி, தூத்துக்குடிக்கு திங்கட்கிழமை போற ரெண்டு கன்டெய்னரோட ஃபோல்டர் மட்டும் குடுத்துருங்க" என்றார். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் சேர்த்து அது 2 ஜிபி கூட இல்லை. எனவே முதலில் யூசர் கணக்குகள், எல்லோருக்கும் புது பாஸ்வேர்டு. அடுத்து அந்த ஃபோல்டர், பிறகு டேலி, பிறகு நடப்பு ஆர்டர்களின் டெக் பேக், பேட்டர்ன், மார்க்கர். கடைசியில் போட்டோக்கள். 4 டிபியில் பாதிக்கு மேல் போட்டோதான். அது வந்து சேர ஒரு வாரம் ஆனாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கணக்குகளை முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. 2017-இல் நாட்பெட்யா என்ற மால்வேர் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்திடம் சர்வர்களின் பேக்கப் இருந்தது, ஆனால் யார் யார் உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலரின் பேக்கப் இல்லை. கானா அலுவலகத்தில் கரண்ட் போயிருந்ததால் தப்பித்த ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் அவர்களைக் காப்பாற்றியது. எங்கள் அளவுக்கு அது சாம்பா யூசர் பட்டியலும் ஃபோல்டர் அனுமதிகளும்தான். சாம்பா விண்டோஸ் அனுமதிகளை ஃபைலோடு ஒட்டியே சேமித்து வைக்கும் அமைப்பு எங்களுடையது. ரெஸ்டிக் அதையும் சேர்த்து எடுக்கிறது, ஆனால் மீட்கும்போது ரூட்டாக ஓட்டினால்தான் திரும்ப எழுதும்.

டேலியில் மட்டும் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். வெள்ளி மதியத்துக்குப் பிறகு போட்ட இன்வாய்ஸ்கள் டேலியில் இல்லை, ஆனால் இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் அவற்றுக்கு ஐஆர்என் எனும் இன்வாய்ஸ் பதிவு எண் வாங்கியாகிவிட்டது. டேலியோ தானியங்கி எண்ணில், பழைய இடத்திலிருந்தே தொடரும். புது இன்வாய்ஸுக்கு ஏற்கனவே பயன்படுத்திய எண் விழுந்தால் போர்ட்டல் டூப்ளிகேட் என்று திருப்பிவிடும், ஏனென்றால் ஐஆர்என் உருவாவதே ஜிஎஸ்டிஐஎன், நிதியாண்டு, ஆவண வகை, எண் ஆகியவற்றை வைத்துத்தான். அதனால் புதிதாக ஒரு பில் போடும் முன், போர்ட்டலில் இருந்ததையும் அச்செடுத்த காப்பிகளையும் வைத்து விடுபட்டவற்றை அதே எண்களில் பதிவு செய்தார்கள். போர்ட்டலுக்கு மீண்டும் அனுப்பவில்லை. மற்ற வெள்ளி மாலை வேலைகள் பெரும்பாலும் பையர்களுக்கு அனுப்பிய மெயில் இணைப்புகளிலிருந்து கிடைத்தன.

ரெஸ்டிக் பற்றி என் முடிவு: ஸ்னாப்ஷாட் ஒப்பீடும் தேடலும் இல்லாமல் ஃபோல்டர் வாரியாகத் தேதி பிரித்திருக்க முடியாது, அதற்காகவே இதை விடமாட்டேன். குறைகளும் உண்டு. வழக்கத்துக்கு மாறாக நிறைய டேட்டா சேர்ந்தாலும் அது தானாக எச்சரிக்காது. ஒவ்வொரு இரவும் முடிவில் வரும் "Added to the repository" வரியைப் படித்து, அளவு மீறினால் போனுக்கு மெசேஜ் அனுப்பும் ஸ்கிரிப்டை நாமே எழுத வேண்டும். `--append-only` காப்பது rest-server வழியாக வருபவர்களிடமிருந்து மட்டும்தான். பேக்கப் மெஷினுக்குள்ளேயே ஒருவர் நுழைந்துவிட்டால் எல்லாவற்றையும் அழிக்கலாம், எனவே அதன் பாஸ்வேர்டு வேறெங்கும் இருக்கக் கூடாது. பழைய ஸ்னாப்ஷாட்களை நீக்கும்போது `--keep-last` வேண்டாம். நுழைந்தவர் குப்பை ஸ்னாப்ஷாட்களைக் குவித்தால் நல்லவை கணக்கிலிருந்து வெளியே தள்ளப்பட்டுவிடும். `--keep-within 90d` போல நாள் கணக்கில் வைப்பது பாதுகாப்பு. பேக்கப் எல்லாம் சேர்ந்திருக்கும் ரெப்பாசிட்டரியின் பாஸ்வேர்டை அச்சடித்து அக்கவுண்ட்ஸ் லாக்கரில் வைத்திருக்கிறோம். அது போனால் பேக்கப்பைத் திறக்க வேறு வழியே கிடையாது.