பெரிய நாட்டுக்கு எது லாபம்: வரியா, வரியில்லா வணிகமா?

ஆம்பூர் ஷூவை ஏராளமாக வாங்கும் ஒரு பெரிய நாட்டை எடுத்துக்கொள்வோம். இறக்குமதி வரி இல்லாதபோது ஜோடி 1000 ரூபாய். அந்த நாடு 10% வரி போட்டால் அங்கே விற்பனை குறையும். ஆர்டரை விட மனமில்லாமல் ஆம்பூர் கம்பெனி விலையை 960-க்கு இறக்குகிறது என்று வையுங்கள். வரி 96, அங்கே விலை 1056. ஆக, வரியில் 40 ரூபாயை ஆம்பூர்தான் சுமக்கிறது. பீஸ் ரேட்டில் மேல்பாகம் தைக்கும் பெண்களின் கூலிவரை அது பாயும்.

வரியில்லா வணிகத்தில் அந்த நாட்டுக்கு இந்த 40 கிடைக்காது. ஆனால் வரி போட்டால், வாங்காமல் விட்ட ஜோடிகளின் பயன் போய்விடும். வரியை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கூடுதல் நஷ்டம் கூடுதல் லாபத்தை மிஞ்சும். அந்த எல்லைதான் உகந்த வரி. சின்ன நாடு வரி போட்டால் ஆம்பூர் வேறு ஆளுக்கு விற்றுவிடும், விலை இறங்காது. அதற்கு உகந்த வரி பூஜ்யம்.

சரி, இந்தியாவும் பதிலுக்கு அவர்களுடைய இயந்திரங்கள்மேல் வரி போட்டால்? இப்போது அவர்கள் விலையை இறக்க வேண்டும். விலையில் கிடைத்த லாபங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, மிஞ்சுவது இரு பக்கமும் சுருங்கிய வியாபாரம். அளவில் ரொம்பப் பெரிய நாடு அப்போதும் ஜெயிக்கலாம் என்று 1950-களில் பொருளாதார அறிஞர் ஹாரி ஜான்சன் காட்டினார். ஏறக்குறைய சம பலமுள்ளவர்களுக்கு வரியில்லா வணிகமே மேல்.