முட்டை அவிக்க பிரஷர் குக்கரா, ரைஸ் குக்கரா?

பிரஷர் குக்கரில் முட்டை வெடிப்பதற்குப் பெரும்பாலும் சூட்டைக் குறை சொல்கிறார்கள். ஆனால், என் அனுபவத்தில், ஓடு விரிவது அதிகமும் அழுத்தத்தை வெளியேற்றும் நேரத்தில்தான். முழு அழுத்தத்தில் குக்கருக்குள் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. அந்நிலையில் ஆவியைச் சட்டென்று திறந்துவிட்டால் வெளி அழுத்தம் ஒரே நொடியில் விழ, முட்டையின் மழுங்கிய முனையில் அடைபட்டிருக்கும் காற்றும் ஓட்டுக்குள் உள்ள ஈரமும் விரிந்து ஓட்டைத் தள்ளுகின்றன. ஒருமுறை பொறுமையின்றி அப்படித் திறந்தபோது, ஆறு முட்டைகளில் இரண்டின் வெள்ளைக்கரு விரிசல் வழியே நுரைபோலப் பிதுங்கி உறைந்திருந்தது.

ஆகவே கெட்டியாக அவிக்க, மின்சார பிரஷர் குக்கரில் ஒரு கப் தண்ணீர் ஊற்றி, தாங்கித் தட்டின்மேல் முட்டைகளை நெருக்காமல் ஒரே அடுக்காக வைத்து, அழுத்தம் ஏறிய பிறகு ஐந்து நிமிடம் வேகவிட்டு, அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். அதன் பின்னரே மீதி ஆவியை மெதுவாக வெளியேற்றி, முட்டைகளை ஐஸ் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட வேண்டும். அந்தக் குளிர்ச்சி தவறினால் உள்ளே சூடு தொடர்ந்து வேலை செய்து, மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை கலந்த சாம்பல் வளையம் படியும். அடுப்பில் வைக்கும் குக்கரில் விசிலை எண்ணி அவிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு விசில்களுக்கு இடைப்பட்ட நேரம் தீயின் அளவைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

அரைவேக்காட்டுக்கு நான் தயங்காமல் ரைஸ் குக்கரையே எடுப்பேன். வெள்ளைக்கரு இறுகி, மஞ்சள்கரு இளகி நிற்கும் இடைவெளி மிகவும் குறுகியது; மஞ்சள்கரு 65 டிகிரியிலேயே தடிக்கத் தொடங்கி, 70 டிகிரியை நெருங்கும்போது உறைந்துவிடும். பிரஷர் குக்கரில் அழுத்தம் ஏறுவதற்குள்ளேயே முட்டை வேகத் தொடங்கிவிடுவதாலும், அரைவேக்காட்டுக்காக ஆவியை உடனே திறந்தாக வேண்டியிருப்பதாலும், நேரமும் கை நழுவுகிறது, ஓடும் விரிகிறது. ரைஸ் குக்கரிலோ தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது.

அடியில் ஒரு கப் தண்ணீர் ஊற்றி, ஆவி நன்றாக எழுந்த பிறகு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த நடுத்தர முட்டைகளை ஆவித் தட்டில் கரண்டியால் மெதுவாக இறக்கி மூடுங்கள். ஏழு நிமிடத்தில் மஞ்சள்கரு தேன்போல் வழியும். பன்னிரண்டு நிமிடத்தில் முழுவதும் கெட்டியாகும். கொதிநீரில் முட்டைகள் ஒன்றோடொன்று உருண்டு மோதுவதுபோல் இங்கு மோதாததால் விரிசல் அரிது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் வற்றினால் குக்கர் தானாகச் சூடு காக்கும் நிலைக்கு மாறிவிடும், உள்ளிருக்கும் முட்டை தொடர்ந்து வெந்துகொண்டிருக்கும். அதனால் குக்கரின் சுவிட்சை நம்பாமல் கடிகாரத்தைப் பாருங்கள். முதல் தடவை ஏழாவது நிமிடத்தில் ஒரு முட்டையை மட்டும் எடுத்து உடைத்துப் பார்த்து, வெள்ளைக்கரு இன்னும் கண்ணாடிபோல் தெரிந்தால் மற்றவற்றை மேலும் அரை நிமிடம் விடுங்கள். பிரஷர் குக்கரில் இந்தச் சோதனைக்கு இடமே இல்லை.