கார்டால் கட்டும் வாடகை: 30,000 ரூபாயில் வீட்டுக்காரருக்கு எவ்வளவு போகிறது?

வவுனியா டவுனிலோ கிளிநொச்சியிலோ வாடகைக்கு இருக்கும் ஒருவர் வாடகையைக் கட்டப் பொதுவாக மூன்று வழி. வங்கி ஆப்பிலிருந்து வீட்டுக்காரரின் கணக்குக்கு நேரே அனுப்பலாம். கொடுப்பனவு ஆப் ஒன்றில் கிரெடிட் கார்டைப் போட்டுக் கட்டலாம். அதே கார்டால் ஏடிஎம்மில் காசு எடுத்துக் கையில் கொடுக்கலாம். வாடகை 30,000 ரூபா, ஆப்பின் சேவைக் கட்டணம் 3 வீதம் என்று வைத்துக்கொண்டு இவற்றை ஒப்பிடுவோம். 3 வீதம் என்பது கணக்குக்கு எடுத்த எண். உங்கள் ஆப்பின் வீதம் பணம் செலுத்துவதற்கு முந்திய திரையில் வரும், அதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

நேரடி வங்கி மாற்றத்தில் சிக்கல் குறைவு. வங்கிகளுக்கிடையே உடனடியாகப் பணம் மாற்றும் CEFTS முறை வழியாக அனுப்பினால் செலவு சில பத்து ரூபாய்தான், அதுவும் அனுப்புபவர் கணக்கிலிருந்தே போகும். வீட்டுக்காரருக்கு 30,000 முழுதாக, பெரும்பாலும் சில நிமிடங்களில் கிடைக்கும். ஆனால் அனுப்புகிற அன்று காசு உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். 25ஆம் திகதிச் சம்பளம் பிந்திய மாதத்தில்தான் ஆட்கள் கார்டைத் தேடுகிறார்கள்.

கார்டால் கட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது, கட்டணம் வாடகைக்கு மேலே ஏறுகிறதா, வாடகைக்குள்ளிருந்து கழிகிறதா என்பது. மேலே ஏற்றும் ஆப்பில் 30,000 என்று அடித்தால் கார்டில் 30,900 விழும், வீட்டுக்காரருக்கு 30,000 போகும். கழிக்கும் ஆப்பில் கார்டில் 30,000தான் விழும், வீட்டுக்காரருக்கு 29,100தான் போகும். பல சச்சரவுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

“தம்பி, 900 ரூபா குறையுதே.”

“அண்ணை, நான் முழுக் காசும் கட்டினனான், இஞ்ச பாருங்கோ மெசேஜ்.”

இருவர் சொல்வதும் உண்மை. ஒருவர் கார்டில் விழுந்த தொகையைச் சொல்கிறார், மற்றவர் கணக்கில் ஏறிய தொகையைச் சொல்கிறார்.

கழிக்கும் ஆப்பில் 900ஐச் சேர்த்து 30,900 அடித்தால் சரிவரும் என்று நினைப்பவர்கள் உண்டு. சரிவராது. 3 வீதம் இப்போது 30,900இல் கழியும். அது 927 ரூபா, போய்ச் சேர்வது 29,973. முழு 30,000 போக வேண்டுமென்றால் 30,000ஐ 0.97ஆல் வகுக்க வேண்டும். விடை 30,927.84, ஆகவே 30,928 என்று அடிக்க வேண்டும். 27 ரூபாய்தானே என்று விட்டால், பாஸ்புக்கில் மாதாமாதம் 29,973 என்று ஏறி, வருட முடிவில் வாடகைப் பாக்கி என்ற பேச்சாக நிற்கும்.

அடுத்தது நாள். ஆப்பில் “வெற்றி” என்று வந்தால் கார்டிலிருந்து காசு எடுக்கப்பட்டது என்பதே அதன் பொருள். அந்தக் காசு முதலில் ஆப் நிறுவனத்துக்குப் போய், பிறகு வீட்டுக்காரரின் கணக்குக்கு வருகிறது. ஒன்றிரண்டு வேலைநாள் பிடிக்கும் ஆப்பில் வெள்ளி பின்னேரம் கட்டி, திங்கள் போயா விடுமுறையாக இருந்தால், காசு வந்து சேர செவ்வாய் அல்லது புதன் ஆகிவிடும். அனுப்பியவர் பெயருக்குப் பதிலாக ஆப் நிறுவனத்தின் பெயரே பாஸ்புக்கில் விழுந்தால், இரண்டு மூன்று வீடு வாடகைக்கு விட்டிருக்கும் ஒருவருக்கு எந்த வாடகை யாருடையது என்று புரியாது. கட்டும்போது குறிப்பு என்ற இடத்தில் வீட்டு இலக்கத்தையும் மாதத்தையும் எழுதுங்கள். அந்தக் குறிப்பு எல்லா வங்கியிலும் மறுபக்கம் தெரியாது, எனவே பரிவர்த்தனை இலக்கத்தையும் வீட்டுக்காரருக்குத் தனியாக அனுப்பிவிடுங்கள்.

இனி அந்த 900 ரூபாய்க்கு என்ன வாங்குகிறோம் என்பது. வட்டியில்லாத அவகாசம் என்று கார்டுக்காரர்கள் சொல்வார்கள். கார்டின் மாதக் கணக்குக் கூற்று 20ஆம் திகதி போடப்படுகிறது, கட்ட வேண்டிய கடைசி நாள் அடுத்த மாதம் 10 என்று வைப்போம். 1ஆம் திகதி வாடகை கட்டினால் ஏறக்குறைய 40 நாள் கிடைக்கும். 40 நாளுக்கு 3 வீதம் என்றால் ஆண்டுக்கு 27 வீதத்துக்கு மேல். கார்டு வட்டி என்று நாம் பயப்படுவதும் ஏறத்தாழ அந்த அளவுதான். 21ஆம் திகதி கட்டினால் 50 நாள் கிடைத்து, ஆண்டுக்கு 22 வீதமாக இறங்கும். கூற்றுக்கு முதல் நாள் 19ஆம் திகதி கட்டினால் கிடைப்பது 21 நாள்தான், அதே 900 ஆண்டுக்கு 52 வீதமாகிவிடும். கட்டணம் ஒன்றாக இருக்க, நாளைப் பொறுத்து அதன் கனம் இரட்டிப்பாகிறது. கார்டு தரும் புள்ளிகளை நம்பியும் இதில் இறங்க வேண்டாம். 1 வீதம் திரும்பக் கிடைத்தால்கூட 309 ரூபாய்தான் வரும்.

கடைசி நாளில் 30,900ஐ முழுதாகக் கட்டாமல் ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டினால் அவகாசமும் போய்விடும். பல கார்டுகளில் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். ஆண்டுக்கு 26 வீதம் என்றால் மாதம் சுமார் 670 ரூபா, அதுவும் 900க்கு மேலே.

இதைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வியாபாரிக்கும் கார்டு வலையமைப்பில் நாலு இலக்க வகைக் குறியீடு உண்டு. வீட்டு வாடகைக்கு 6513, பண அனுப்புதலுக்கு 4829. ஆப் எந்தக் குறியீட்டில் பதிவாகியிருக்கிறது என்பது உங்கள் திரையில் தெரியாது. பண அனுப்புதலாகப் பதிவாகியிருந்தால், வங்கி அதை ஏடிஎம்மில் காசு எடுத்ததுபோல் கணக்கிடக்கூடும். அப்போது ஆப்பின் 900க்கு மேல் வங்கியின் காசெடுப்புக் கட்டணமும் வரும், வட்டியும் அன்றே ஓடத் தொடங்கும். முதல்முறை 1,000 ரூபா மட்டும் அனுப்பிப் பாருங்கள். அடுத்த கூற்றில் அந்த வரி சாதாரணக் கொள்வனவாக நின்றால் பயமில்லை. Cash Advance என்று ஒரு கட்டணம் ஒட்டியிருந்தால் அந்த ஆப்பை வாடகைக்குத் தொடாதீர்கள்.

மூன்றாவது வழியான ஏடிஎம் காசெடுப்பு எந்தக் கணக்கிலும் மோசம். கட்டணம் 4 வீதம் என்று வைத்தால் 1,200. 26 வீத வட்டி நாளுக்கு 21 ரூபா, 40 நாளில் 855. மொத்தம் 2,055 ரூபா. வீட்டுக்காரருக்கு முழுக் காசும் அன்றே கையில் கிடைக்கிறது என்பது மட்டுமே இதில் நன்மை. சம்பளம் பத்து நாளில் வருமென்றால், வீட்டுக்காரரிடம் பத்து நாள் தவணை கேட்பதே இந்த எல்லாவற்றையும்விட மலிவு.

வன்னியில் இன்னொரு தடை வீட்டுக்காரரின் கணக்கு. வீடு டவுனில் இருக்கும், உரிமையாளர் ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ இருப்பார், அல்லது வெளிநாட்டில் இருப்பார். ஆப்பின் பட்டியலில் அவருடைய வங்கி இல்லையென்றால் கார்டு வழி அத்தோடு முடிந்தது. நெடுநாள் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் செயலிழந்த கணக்கென்றால், கார்டிலிருந்து எடுத்த காசு அங்கே ஏறாமல் திரும்பக்கூடும். திரும்பிய 30,000 கார்டில் வந்து சேரப் பல நாள் செல்லலாம், 900 திரும்புமா என்பது ஆப்பின் நிபந்தனையைப் பொறுத்தது. இதற்கிடையில் வாடகை கட்டப்படாமலே கிடக்கும்.

அதனால் உடன்படிக்கையில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: வாடகை வீட்டுக்காரரின் கணக்கில் ஏறிய நாளே கட்டிய நாள், எந்தச் சேவைக் கட்டணமும் குடியிருப்பவருடையது. பற்றுச்சீட்டில் 30,000 என்றே எழுத வேண்டும், 30,900 என்று எழுதக்கூடாது. அந்த 900 வீட்டுக்காரரிடம் வந்ததே இல்லை.