முழு வட்டமா, அரை வட்டமா? குடைப் பாவாடைக்கு ஆரம் போடும் கணக்கு

ஒரே அளவை எடுத்துக்கொண்டு இரண்டு விதமாகவும் வெட்டிப் பார்ப்போம். இடுப்பு 72 செ.மீ., ஹிப் 98 செ.மீ., இடுப்புப் பட்டிக்குக் கீழே பாவாடையின் இறக்கம் 65 செ.மீ. பக்கத்தில் ஜிப் வைக்கப் போகிறோம். ஆகவே மேல் வாய் இடுப்பளவு இருந்தால் போதும்.

முழு வட்டத்தில் நடுத்துளையின் முழுச் சுற்றும் இடுப்பு. அரை வட்டத்தில் அதே இடுப்பு பாதிச் சுற்றிலேயே முடிந்துவிட வேண்டும். அதனால் ஆரம் இரட்டிப்பாகிறது:

```
முழு வட்டம்: ஆரம் = இடுப்பு ÷ 6.28 → 72 ÷ 6.28 = 11.5
அரை வட்டம்: ஆரம் = இடுப்பு ÷ 3.14 → 72 ÷ 3.14 = 22.9
கீழ் ஆரம் = மேல் ஆரம் + இறக்கம்
```

கீழ் ஆரம் முழு வட்டத்துக்கு 76.5, அரை வட்டத்துக்கு 87.9 என்று வருகிறது. முழு வட்டத்தின் ஆரம் சிறியதாக இருப்பதைப் பார்த்து அதன் விரிவும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. கீழ்ச் சுற்று முழு வட்டத்தில் சுமார் 480 செ.மீ., அரை வட்டத்தில் 276 செ.மீ. இதில் ஓர் அழகு உண்டு. கீழ்ச் சுற்றிலிருந்து இடுப்பைக் கழித்தால் மிஞ்சும் 408, 204 ஆகிய இரண்டும் இறக்கத்தை மட்டுமே பொறுத்தவை. இடுப்பு 60 ஆனாலும் 100 ஆனாலும், 65 செ.மீ. இறக்கத்துக்கு முழு வட்டம் 408 செ.மீ. விரிவைத்தான் கூட்டும். எவ்வளவு சுழல வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இடுப்பளவே தேவையில்லை.

ஹிப் இடிக்குமா என்பதையும் இதே வழியில் பார்க்கலாம். இடுப்பிலிருந்து 20 செ.மீ. கீழே அரை வட்டத்தின் சுற்று 72 + 3.14 × 20, அதாவது ஏறக்குறைய 135. உடம்பு அங்கே 98தான், தாராளம். முழு வட்டத்துக்கு இந்தச் சோதனையே வேண்டாம். கால் வட்டத்தில் மட்டும் 103தான் கிடைக்கும். உட்கார்ந்தால் பிடிக்கும். அதனால் அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

இனி இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பார்ப்போம். முதல் வேறுபாடு, பிழையை எவ்வளவு தாங்கும் என்பது. முழு வட்டத்தில் ஆரம் அரை சென்டிமீட்டர் தவறினால் இடுப்பு 3 செ.மீ.க்கு மேல் மாறிவிடும். அரை வட்டத்தில் ஒன்றரைதான் மாறும். துணியை நான்காக மடித்து, மூலையிலிருந்து டேப்பைச் சுழற்றிப் புள்ளி வைக்கும்போது, மடிப்பின் தடிமனும் சாக்குக்கட்டியின் கோட்டு அகலமும் சேர்ந்து அந்த அரை சென்டிமீட்டரை எளிதில் தின்றுவிடும். முதல்முறை வெட்டுபவருக்கு அரை வட்டத்தையே நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

தையலுக்கு விடும் துணியிலும் இதே கதைதான். மேலே வந்த 11.5 தையல் விழ வேண்டிய கோடு. கத்தரிக்கோல் ஓட வேண்டியது அதற்கு 1 செ.மீ. உள்ளே, 10.5இல். தையலுக்கு என்று பழக்கத்தில் ஆரத்தோடு 1 கூட்டி 12.5இல் வெட்டி, அதிலிருந்து இன்னும் ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தைத்தால், தையல் கோட்டின் ஆரம் 13.5 ஆகும். இடுப்பு 85 வந்து நிற்கும். அரை வட்டத்தில் இதே தவறு இடுப்பை 78க்கு மேல் கொண்டுபோகும். அதுவும் தளர்ச்சிதான், ஆனால் அவ்வளவு மோசமில்லை.

6.28க்குப் பதில் 6ஆலும், 3.14க்குப் பதில் 3ஆலும் வகுக்கும் குறுக்குவழி பலரிடம் இருக்கிறது. 72க்கு அது 12, 24 என்று கொடுக்கும். இரண்டிலும் இடுப்பு 75.4 ஆகிவிடும். வளைவில் வெட்டிய துணி, நூலோட்டத்துக்குச் சாய்வாக வரும் இடங்களில் தானாகவே இழுபடும் என்பதால், கணக்கு கூடுதலாக வருவதை விடக் குறைவாக வருவது மேல். நான் இடுப்பில் 2 செ.மீ. கழித்து, 70க்கு ஆரம் போடுவேன்: முழுசுக்கு 11.1, அரைக்கு 22.3. வெட்டியவுடன் தையல் கோட்டுக்குச் சற்று உள்ளே ஒற்றைத் தையல் ஓட்டிவிட்டால் மேல் வாய் மேலும் இழுபடாது. இறுக்கமாக வந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாதே!

பக்கத் தையலுக்கான துணியை ஆரத்தில் கலக்காமல், நேர் ஓரங்களுக்கு வெளியே தனியாக 1.5 செ.மீ. விடுவது குழப்பமில்லாத வழி. மறந்தால், இரண்டு தையல் உள்ள முழு வட்டத்தில் இடுப்பு 6 செ.மீ. குறையும், ஒரே தையல் உள்ள அரை வட்டத்தில் 3.

அடுத்தது துணி. கீழ் மடிப்புக்கு 1.5 விட்டால் முழு வட்டத்தின் வெட்டு ஆரம் 78. அகலம் 110 செ.மீ. துணியில் இரண்டு அரைவட்டத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, நேர் ஓரம் துணிக்கரையோடு ஒட்டி வருமாறு வெட்டினால், சுமார் 3.15 மீட்டர் போகும். அரை வட்டப் பாவாடைக்கு வெட்டு ஆரம் 89.4. அதற்கு 1.8 மீட்டரை ஒட்டித் துணி போதும்.

அரை வட்டம் எப்போதும் சிக்கனம் என்று இதைப் பொதுவிதியாக்கிவிட வேண்டாம். அதன் மேல் ஆரமே 22.9 என்பதால், 110 அகலத்தில் இறக்கம் 84ஐத் தாண்டினால் வட்டம் துணியின் அகலத்துக்குள் அடங்காது, ஒட்டுப் போட வேண்டிவரும். முழு வட்டம் இரண்டு துண்டாக 95 வரை அடங்கும், மீட்டர்தான் நாலேகாலைத் தாண்டும். கணுக்கால் வரை வரும் பாவாடை வேண்டுமென்றால் முதலில் துணியின் அகலத்தைப் பாருங்கள், பிறகு வட்டத்தை முடிவு செய்யலாம்.

ஜிப் வேண்டாம், எலாஸ்டிக் போதும் என்றால் இடுப்பளவு கணக்கிலிருந்தே விலகிவிடும். மேல் வாய் ஹிப்பைத் தாண்டி ஏற வேண்டும். 98 + 6 = 104 என்று வைத்தால் ஆரம் முழுசுக்கு 16.6, அரைக்கு 33.1. அந்த 104ஐ 72க்குச் சுருக்கும்போது இடுப்பில் சுருக்கம் கூடும். முழு வட்டத்தின் சிறப்பே இடுப்பில் சுருக்கமின்றி வழிந்து இறங்குவதுதான். எலாஸ்டிக்கில் அது போய்விடுகிறது. எலாஸ்டிக் என்றால் என் ஓட்டு அரை வட்டத்துக்கே.

மெல்லிய, வழுக்கும் துணியும் முழங்காலுக்கு மேலான இறக்கமும் என்றால் முழு வட்டத்தை எடுங்கள். 45 செ.மீ. இறக்கத்துக்கு அதன் வெட்டு விட்டம் 116தான், 150 அகலத் துணியில் ஒட்டே இல்லாமல் ஒரே வட்டமாக வெட்டி, ஜிப்புக்கு மட்டும் ஓரிடத்தில் கீறிக்கொள்ளலாம். கனமான, விறைப்பான துணி என்றால் 408 செ.மீ. கூடுதல் விரிவு கீழே குடையாக விறைத்து நிற்கும், அங்கே அரை வட்டம்தான் சரி.

கீழ் ஓரத்தை மடிப்பதற்கு முன் பட்டியைப் பொருத்தி, பாவாடையை ஒரு நாள் தொங்க விடுங்கள். சாய்வு நூல் வரும் இடங்கள் கனத்தில் கீழே இறங்கும். முழு வட்டத்தில் அவை நான்கு: முன்னே இரண்டு, பின்னே இரண்டு. நடு முன்புறம் மடிப்பிலும் தையல் பின்புறத்திலும் வரும் அரை வட்டத்தில் இரண்டே இரண்டு, இரு பக்கங்களிலும். உடுத்தியிருக்கும்போதே தரையிலிருந்து சம உயரத்தில் சுற்றிலும் குறித்து, கூடுதலாகத் தொங்குவதை வெட்டிவிட்டு மடியுங்கள்.