கோட்டாவா, படுகையா: ±3 போடும் உரிமை யாருக்கு?

கருத்துக்கணிப்புக்கு ஆள் எடுக்கும் வழிகளில் கோட்டா முறை, படுகைக் கூறெடுப்பு இரண்டும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மக்களை வயது, பாலினம் என்று பிரித்து, பிரிவுக்கு இத்தனை பேர் என்று எடுக்கிறோம். அந்த இத்தனை பேர் யார் என்பதை முடிவு செய்வது எது என்ற இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. படுகைக் கூறெடுப்பில் படுகை எனப்படும் ஒவ்வொரு பிரிவுக்கும் பட்டியல் உண்டு, பெயர் குலுக்கலில் வரும். கோட்டாவில் 'நாற்பதைத் தாண்டிய பெண்கள் 15 பேர்' என்று சொல்லி ஆளை அனுப்பிவிடுவோம், யாரைப் பிடிப்பது என்பது அவர் பாடு.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வாக்காளர்களில் 60% பேர் இளையோர், அவர்களில் ஒரு வேட்பாளருக்கு ஆதரவு 50%. மீதி 40% மூத்தோர், அவர்களிடம் ஆதரவு 30%. ஆக, உண்மை நிலவரம் 42%. குலுக்கலில் 600, 400 என்று 1000 பேரை எடுத்தால் திட்டப் பிழை, அதாவது குலுக்கலுக்குக் குலுக்கல் முடிவு சுமாராக எவ்வளவு விலகும் என்பது, இப்படி வரும்:

```
sqrt(0.6²×0.5×0.5/600 + 0.4²×0.3×0.7/400) ≈ 0.015
```

அதை இரட்டித்தால் 95% நம்பிக்கையில் ஏறக்குறைய ±3 புள்ளி. இந்தச் சூத்திரம் செல்லுபடியாவதற்கு ஒரே காரணம், படுகைக்குள் எவர் பெயரும் வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று நமக்கு முன்கூட்டியே தெரியும் என்பதுதான்.

சரி, இப்போது அதே 600, 400 கோட்டா. இளையோரில் பாதிப் பேர் பகலில் வீட்டில் இருப்பவர்கள், ஆதரவு 60%. மறுபாதி வெளியே வேலைக்குப் போகிறவர்கள், ஆதரவு 40% என்று வையுங்கள். கணக்கெடுப்பாளர் பகலில் போகிறார், சிக்குவதில் 80% பேர் வீட்டில் இருப்பவர்கள். இளையோரின் ஆதரவு 56% ஆகிவிடும், மூத்தோரில் கோளாறே இல்லையென்றாலும் மொத்தம் 45.6% என்று வரும். கோட்டா அட்டையோ கச்சிதமாக நிரம்பியிருக்கும். 4000 பேரிடம் கேட்டால் சூத்திரம் ±1.5 என்று தைரியமாகச் சொல்லும், ஆனால் அந்த 3.6 புள்ளிச் சாய்வு இம்மியும் குறையாது. அது எவ்வளவு என்று அந்தத் தரவை எப்படிப் புரட்டினாலும் தெரியாது, ஏனென்றால் யார் எந்த வாய்ப்பில் வந்தார் என்ற தகவலே அதில் இல்லை. திரும்ப எடுத்துச் சரிபார்க்கலாமே என்றால், அதே வழியில் போனால் அதே சாய்வோடுதான் திரும்புவார்கள்.

1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் காலப் உள்ளிட்ட மூன்று பெரிய கணிப்பு நிறுவனங்களும் கோட்டா முறையில் குடியரசுக் கட்சியின் டூயிதான் ஜெயிப்பார் என்றன, ஜெயித்தது ட்ரூமன். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, 1936, 1940, 1944 தேர்தல்களிலும் காலப் குடியரசுக் கட்சிக்கு உண்மையைவிடக் கூடுதலாகவே சொல்லியிருந்தது என்பது. தற்செயல் பிழையென்றால் இருபக்கமும் மாறி மாறி அல்லவா விழ வேண்டும்?

படுகை முறையும் சொக்கத்தங்கம் இல்லை. பட்டியல் வேண்டும், ஆள் இல்லாத வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும், பதில் தராதவர்களால் அங்கேயும் சாய்வு வரும். ஆனால் 1000 பேரில் 300 பேர் பதில் தரவில்லை என்பதாவது பதிவில் இருக்கும். கோட்டாவில் மறுத்தவருக்குப் பதில் அடுத்த வீட்டுக்காரர் வந்துவிடுவார், மறுத்தவர் இருந்த தடமே இருக்காது. அவசரத்துக்கு, கேள்வித்தாளைச் சோதித்துப் பார்க்க, கோட்டா தாராளமாகப் போதும். முடிவின் பக்கத்தில் ± மட்டும் போடாதீர்கள்.